இரவில் ஓடும்போது காருக்குள் நீல லைட் வேண்டாம்

இரவில் ஆனையிறவுப் பக்கம், ஏ9 வீதியில் ஓடப் போகிறீர்கள் என்றால், காரின் கதவோரமும் டாஷ்போர்டிலும் எரியும் அலங்கார லைட்டை நீலம், வெள்ளையிலிருந்து செம்மஞ்சளுக்கு மாற்றி, வெளிச்சத்தை ஆகக் குறைந்த அளவில் வையுங்கள். இருட்டில் நமக்குக் கைகொடுக்கும் கண் செல்கள் நீலப்பச்சை வெளிச்சத்தில்தான் அதிகம் கூசும், செம்மஞ்சளும் சிவப்பும் அவற்றை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது, அதனால் லைட் இல்லாமல் வரும் சைக்கிளும் வீதியில் படுத்திருக்கும் மாடும் கொஞ்சம் முன்னாலேயே கண்ணில் படக்கூடும்.

நிறத்தைவிட அளவுதான் முக்கியம். இருட்டான இடத்தில் ஓரமாக நிறுத்தி, சைட் மிரரைப் பார்க்கும் இடத்தில் கதவின் ஜன்னல் கண்ணாடியைக் கவனியுங்கள். அதில் நிறக்கோடு ஒன்று தெரிந்தால், கதவிலுள்ள லைட்டைக் கையால் மறைத்துப் பாருங்கள். கோடும் மறைந்தால் பிரதிபலிப்பு அதுதான், இன்னும் குறையுங்கள், குறையாவிட்டால் அணைத்துவிடுங்கள். ஃபோனும் நடுத்திரையும் வெள்ளையாக எரிந்தால் இதெல்லாம் வீண், அவற்றையும் நைட் மோடில் போடுங்கள்.

முழுச் சிவப்பு எனக்குப் பிடிக்காது, அந்த வெளிச்சத்தில் காகித மேப்பில் சிவப்புக் கோடுகள் மங்கிப்போகும். சில கார்களில் அலங்கார லைட்டும் ஸ்பீட் மீட்டரும் ஒரே சுவிட்சில் இருக்கும், அங்கே மீட்டர் வாசிக்க முடிகிற அளவோடு நிறுத்துங்கள். தெருவிளக்கு நிறைந்த யாழ் நகருக்குள் பெரிய வித்தியாசம் தெரியாது, எதிரே ஹை பீமில் வரும் பஸ்ஸுக்கும் இது மருந்தில்லை.