"பிளாக்கர் எதுவும் இல்ல" என்று சொன்னவரின் பிளாக்கர்: ஸ்டாண்டப் டிரான்ஸ்கிரிப்டிலிருந்து மேனேஜருக்கு ஒரு பட்டியல்

டீம் லீடாக ஆன முதல் வாரத்தில் மேனேஜர் கேட்டார்: "தினமும் ஸ்டாண்டப் முடிஞ்சதும் பிளாக்கர், டிபென்டென்சி எல்லாம் ஒரு லிஸ்டா அனுப்பிடு." சுலபம்தானே என்று டிரான்ஸ்கிரிப்டைத் திறந்து "blocker" என்று தேடினேன். நான்கு இடத்தில் வந்தது. நான்கிலும் "நோ பிளாக்கர்ஸ்". சந்தோஷமாகக் காலி லிஸ்டை அனுப்பிவிட்டேன். அன்று மாலைதான் தெரிந்தது, டெஸ்டிங் இரண்டு நாளாக நின்றுகொண்டிருக்கிறது என்று. அது ஸ்டாண்டப்பிலும் சொல்லப்பட்டிருந்தது, ஆனால் "பிளாக்கர்" என்ற வார்த்தையில் இல்லை.

அதற்குப் பிறகு நான் பழகிக்கொண்ட முறை இது. முதலில் ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். வேலை இப்போதே நின்றுவிட்டது, வேறொருவர் கை வைக்காமல் நகராது என்றால் அது பிளாக்கர். வேலை இன்று ஓடுகிறது, ஆனால் ஒரு தேதிக்குள் இன்னொருவரிடமிருந்து ஏதோ வந்தாக வேண்டும் என்றால் அது டிபென்டென்சி. குழப்பமாக இருந்தால் ஒரே கேள்வி போதும்: யாரும் எதுவும் செய்யாவிட்டால் நாளைக் காலை இவர் இந்த வேலையில் என்ன செய்வார்? பதில் இல்லையென்றால் அந்த டிபென்டென்சி நாளைக்குப் பிளாக்கர்.

1. டிரான்ஸ்கிரிப்டை முழுசாகப் படியுங்கள்

மீட்டிங் முடிந்ததும் டிரான்ஸ்கிரிப்டை இறக்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் `.vtt` கோப்பாகக் கிடைக்கும், நோட்பேடிலேயே திறக்கும். பதினைந்து நிமிட மீட்டிங்கைப் படிக்க ஐந்தாறு நிமிடம்தான் ஆகும். அதனால் தேடலில் ஆரம்பிக்காதீர்கள். ஒரு முறை படித்து, "காத்திருக்கிறோம்" என்ற வாடை அடிக்கும் ஒவ்வொரு வரியையும் நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். விட்டுப்போனதைப் பிடிக்க மட்டும் கடைசியில் தேடுங்கள். லினக்ஸ், மேக் வைத்திருப்பவர்களுக்கு:

```
grep -n -i -E "wait|pending|asked|வெயிட்|கேட்டிருக்" standup.vtt
```

இரண்டு இடத்தில் டிரான்ஸ்கிரிப்ட் காலை வாரும். நம் மீட்டிங்கில் பாதி தமிழ், பாதி ஆங்கிலம். மொழியை ஆங்கிலமாக வைத்திருந்தால் "இன்னும் வரல" என்பது அர்த்தமில்லாத ஆங்கில வார்த்தைகளாக விழும். பிளாக்கர் ஒளிந்திருப்பதே அந்த "வரல"வில்தான். அப்படிப்பட்ட வரி வந்தால் ஊகிக்காமல் அந்த நேரத்தின் ரெக்கார்டிங்கைக் கேளுங்கள். இன்னொன்று, ஒரே கான்ஃபரன்ஸ் ரூமில் நாலு பேர் ஒரு லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தால் எல்லார் பேச்சும் ஒருவர் பெயரில் பதிவாகிவிடும். யார் சொன்னது என்பதை அங்கே நம்பாதீர்கள்.

2. சொன்னது ஒன்று, நிலைமை ஒன்று

ஒரு புதன்கிழமை ஸ்டாண்டப்பை எடுத்துக்கொள்வோம். பெயர்களுக்குப் பதில் வேலையைப் போட்டிருக்கிறேன்.

> 03:10 பேக்எண்ட்: ரீஃபண்ட் ஏபிஐ கோடு முடிஞ்சது. இன்னிக்கு டெஸ்ட் கேஸ் எழுதறேன். பேங்க் சைடுல சாண்ட்பாக்ஸ் கீ கேட்டிருக்கோம். பிளாக்கர் எதுவும் இல்ல.
>
> 05:42 ஃப்ரன்ட்எண்ட்: ரீஃபண்ட் ஸ்கிரீன் டம்மி டேட்டா வெச்சு ஓட்டிட்டிருக்கேன். வெள்ளிக்கிழமை யுஏடில நிஜ ஏபிஐ இருந்தா போதும்.
>
> 07:15 டெஸ்டிங்: யுஏடி திங்கள்ல இருந்து டவுன். டெவ்ஆப்ஸுக்கு டிக்கெட் போட்டாச்சு. அதுவரைக்கும் பழைய பக் பாத்துட்டிருக்கேன்.
>
> 09:03 மொபைல்: லைப்ரரி அப்கிரேட் கொஞ்சம் படுத்துது. பாத்துக்கறேன்.

டெஸ்டிங் சொன்னது சந்தேகமே இல்லாத பிளாக்கர். ஆனால் அவர் சும்மா இல்லை, பழைய பக் பார்க்கிறார். அதனாலேயே கேட்பவர்கள் காதில் அது பிரச்சினையாக விழவில்லை. ஆளுக்கு வேலை இருக்கிறதா என்று பார்க்காதீர்கள்; எந்த வேலை நின்றிருக்கிறது என்று பாருங்கள்.

"கேட்டிருக்கோம்" என்பதுதான் ஸ்டாண்டப்பில் மிக ஆபத்தான வார்த்தை. யார் கேட்டது, யாரிடம், என்றைக்கு, மெயிலிலா வாய்ப்பேச்சிலா, எதுவும் அதில் இல்லை. இதை அடிக்கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். மொபைல் சொன்னது பிளாக்கரே இல்லை. வேலை கடினமாக இருக்கிறது, அவ்வளவுதான். வேறு யாரிடமிருந்தும் எதுவும் வர வேண்டியதில்லை. இதே "பாத்துக்கறேன்" மூன்றாவது நாளும் வந்தால் தனியாகப் போய்க் கேளுங்கள்.

3. அனுப்புவதற்கு முன் ஆளிடம் கேளுங்கள்

குறித்த ஒவ்வொரு வரிக்கும் சாட்டில் ஒரு கேள்வி போதும். பேக்எண்டிடம் நான் கேட்டது: "சாண்ட்பாக்ஸ் கீ யாருகிட்ட, என்னிக்குக் கேட்டீங்க? அது இல்லாம நாளைக்கு வேலை ஓடுமா?" வந்த பதில்: போன வெள்ளிக்கிழமை பேங்க் இன்டக்ரேஷன் டீமுக்கு மெயில், பதில் இல்லை, ஞாபகப்படுத்தவும் இல்லை. டெஸ்ட் கேஸ் இன்றே முடிந்துவிடும், நாளையிலிருந்து கை கட்டித்தான் உட்கார வேண்டும்.

4. வரிகளைக் கோத்துப் பாருங்கள்

மீட்டிங்கில் யாரும் சொல்லாத ஒன்று இங்கேதான் வெளியே வரும். ஃப்ரன்ட்எண்டுக்கு வெள்ளிக்கிழமை யுஏடியில் ஏபிஐ வேண்டும். யுஏடியோ திங்களிலிருந்து கிடையாது. அது எழுந்தாலும், கீ இல்லாமல் ஏபிஐ பேங்கோடு பேசாது. இரண்டு தனித்தனிப் பிரச்சினைகளும் ஒரே வெள்ளிக்கிழமையில் போய் முட்டுகின்றன. ஃப்ரன்ட்எண்டுக்கு இது தெரியாது, அவர் குரலில் எந்தக் கவலையும் இல்லை. ஒவ்வொரு வரியிலும் "இது யாரிடமிருந்து வர வேண்டும், அவர் இன்று என்ன சொன்னார்?" என்று கேட்டுக்கொண்டே பின்னோக்கிப் போனால் இந்தச் சங்கிலி கிடைத்துவிடும்.

5. எழுதுங்கள்

மேனேஜர் மொபைலில், இரண்டு மீட்டிங்குக்கு நடுவில் படிப்பார். எது நின்றது, எப்போதிலிருந்து, யார் அவிழ்க்க வேண்டும், எதைப் பாதிக்கும், அவர் என்ன செய்ய வேண்டும். இவ்வளவுதான் ஒரு வரிக்கு.

> பிளாக்கர்: யுஏடி திங்களிலிருந்து டவுன், ரீஃபண்ட் டெஸ்டிங் நிற்கிறது. டெவ்ஆப்ஸிடம் டிக்கெட் உள்ளது. வெள்ளிக்கிழமை ஃப்ரன்ட்எண்ட் இணைப்பும் இதனால் தள்ளிப்போகும். உங்களிடம் கேட்பது: இன்று டிக்கெட்டின் முன்னுரிமையை உயர்த்தச் சொல்ல வேண்டும்.
>
> டிபென்டென்சி, நாளை பிளாக்கர்: பேங்க் சாண்ட்பாக்ஸ் கீ. வெள்ளியன்று மெயில் போனது, பதில் இல்லை. இன்று நாங்கள் மறுபடி கேட்கிறோம். மாலைக்குள் வராவிட்டால் பேங்க் தரப்பில் நீங்கள் பேச வேண்டும்.
>
> டிபென்டென்சி: ஃப்ரன்ட்எண்டுக்கு வெள்ளிக்குள் யுஏடியில் ரீஃபண்ட் ஏபிஐ. மேலே உள்ள இரண்டும் தீர்ந்தால்தான் நடக்கும். உங்கள் தரப்பில் தனியாக ஒன்றும் வேண்டாம்.

"டெவ்ஆப்ஸ் தூங்குகிறார்கள்" போன்ற தொனி வேண்டாம். தேதியும் டிக்கெட்டும் அதைச் சொல்லிவிடும். அடைப்பை எடுக்க வேண்டிய தரப்பில் டீமின் பெயரைப் போடுங்கள், தனி ஆளின் பெயர் வேண்டாம், ஏனென்றால் இந்த மெயில் எங்கெல்லாம் ஃபார்வர்ட் ஆகும் என்று உங்களுக்குத் தெரியாது. டிரான்ஸ்கிரிப்டையும் கூடவே இணைக்காதீர்கள். டீம் ஒரு முறை அதைக் கவனித்துவிட்டால் மறுநாளிலிருந்து ஸ்டாண்டப்பில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

6. மறுநாள்

புதிதாக எழுதாதீர்கள். நேற்றைய லிஸ்டைத் திறந்துவைத்துக்கொண்டு இன்றைய டிரான்ஸ்கிரிப்டைப் படியுங்கள். அதே பிளாக்கர் தொடர்ந்தால் அதே வரிதான், "திங்களிலிருந்து" என்பது மாறக் கூடாது. தினமும் புது வரியாகப் போட்டால் எத்தனை நாளாக நிற்கிறது என்பது மறைந்துபோகும். தீர்ந்ததை ஒரு நாள் மட்டும் "தீர்ந்தது" என்று காட்டிவிட்டு எடுத்துவிடுங்கள். நேற்று லிஸ்டில் இருந்து இன்று யாருமே பேசாத வரி இருந்தால், அது தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாமல் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வியாழக்கிழமை பேக்எண்ட் கீயைப் பற்றி வாயே திறக்கவில்லை. கேட்டபோது, "அதான் நீங்க லிஸ்ட்ல போட்டுட்டீங்களே" என்றார்.