நாற்பது பேருக்கும் ஒரே ‘நன்றி’யா?

அம்மா மோர்மிளகாய் போடுவதைப் பற்றி ஒரு முறை முகநூலில் எழுதினேன். பகலில் வெயிலில் காய வைத்து, சாயங்காலம் திரும்பவும் அதே மோரில் போட்டு, மோர் முழுக்க வற்றும்வரை அவர் படும் பாடு. நாற்பது பேருக்கு மேல் பாராட்டியிருந்தார்கள். நான் வரிசையாக உட்கார்ந்து எல்லோருக்கும் ‘மிக்க நன்றி’ என்று ஒட்டிக்கொண்டே போனேன். மறுநாள் படித்துப் பார்த்தால் ரப்பர் ஸ்டாம்ப் குத்தியதுபோல் இருந்தது. போதாக்குறைக்கு, ஒரே வாசகத்தை மளமளவென்று ஒட்டினால் முகநூல் அதை ஸ்பேம் என்று நினைத்து, பதில் எழுதுவதையே கொஞ்ச நேரம் நிறுத்திவைக்கவும் கூடும்.

எல்லோருக்கும் பதில் எழுதியே ஆக வேண்டும் என்று நினைத்ததுதான் முதல் தவறு. ‘அருமை’, ‘சூப்பர்’, கைகூப்பும் படம் இதற்கெல்லாம் ஒரு ஹார்ட் போதும். அவர்கள் அதற்கு மேல் எதிர்பார்ப்பதும் இல்லை. எழுதிப் பாராட்டியவர்களுக்குத்தான் சொற்கள் வேண்டும், அந்தச் சொற்களை அவர்கள் எழுதியதிலிருந்தே எடுக்கலாம். ஒரு அக்கா, “எங்க வீட்டுல மோர்ல வெந்தயப் பொடியும் போடுவோம், படிச்சதும் அந்த வாசனை வந்துடுச்சு” என்று எழுதியிருந்தார். அதற்கும் என் பதில் ‘மிக்க நன்றி’தான்! “வெந்தயமா? அம்மாவிடம் சொன்னேன், அடுத்த தடவை போட்டுப் பார்க்கிறாராம். எவ்வளவு போடுவீர்கள் அக்கா?” என்று கேட்டிருக்கலாம். அதில் நன்றி என்ற சொல்லே இல்லை, ஆனால் அவருக்கு அது போய்ச் சேர்ந்திருக்கும்.

பதில் எழுதும்போது பெருமை அடிப்பதும் நுழைந்துவிடும், அதுவும் பணிவு வேஷத்தில். “உங்களை மாதிரி எழுத ஆளே இல்லை” என்று ஒருவர் சொல்ல, “ஐயோ, நானெல்லாம் ஒன்றுமே இல்லைங்க” என்று எழுதினேன். உடனே மூன்று பேர் வந்து, “அப்படிச் சொல்லாதீங்க” என்று இன்னும் புகழ்ந்தார்கள். கேட்டு வாங்கிய மாதிரி ஆகிவிட்டது. மறுக்காமல், பாராட்டை உரியவர் பக்கம் திருப்பிவிடுவதே நல்லது: “அந்த மோர்வற்றல் கதை அம்மா சொன்னது, நான் எழுதிக்கொண்டேன், அவ்வளவுதான்.” இது உண்மையாக இருந்தால் மட்டும். முழுக்க உங்கள் உழைப்பு என்றால், “பிடித்ததில் சந்தோஷம்” என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாம்.

‘இத்தனை ஷேர், இன்பாக்ஸ் நிரம்பி வழிகிறது, அனைவருக்கும் நன்றி’ என்று தனிப்பதிவு போடுவது நன்றி இல்லை, விளம்பரம். அதில் நாற்பது பேரை டேக் செய்தால் நாற்பது பேருடைய போனும் அடிக்கும். பொதுவாகச் சொல்ல வேண்டுமானால் பழைய பதிவின் கீழேயே, எண்ணிக்கை இல்லாமல், இரண்டு வரி போதும்.

அந்த அக்காவுக்கு ஒரு வாரம் கழித்து எழுதினேன். “நன்றி போட்டப்பவே கேட்டிருக்கக் கூடாதா? ஒரு கிலோ மிளகாய்க்கு ஒரு ஸ்பூன்” என்று பதில் வந்தது.