டைமரை நிறுத்தியும் வட்ஸ்அப் செய்திகள் மறைந்தன: என் அனுபவம்

கொக்குவிலில் வீட்டு வேலை நடக்கிறது. மேசன் சொன்ன கூலி, கல், மணல் விலை, அட்வான்ஸ் கட்டிய வங்கிச் சிட்டையின் படம் எல்லாம் வட்ஸ்அப் சாட்டில்தான். அதில் செய்திகள் 7 நாளில் தானாக மறையும் டைமர் போட்டிருந்தது தெரிந்ததும் நிறுத்தினேன். அதற்குப் பிறகும் பழைய செய்திகள் ஒவ்வொன்றாக மறைந்தன.

தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. பேக்கப்பில் இருந்து மீட்டாலும், காலம் முடிந்தவை அழிந்துவிடும்.

காரணம் இதுதான்: அனுப்பிய நேரத்தில் இருந்த டைமர் அந்தச் செய்தியோடேயே ஒட்டியிருக்கும். நிறுத்துவது இனி வருபவற்றுக்கு மட்டும்தான். சாட்டின் நடுவில் டைமரை யார், எப்போது போட்டார் என்ற சின்ன வரி இருக்கும். அதற்கும் நிறுத்திய வரிக்கும் இடையில் உள்ளவைதான் ஆபத்தில் இருப்பவை.

மிஞ்சியிருந்த குரல் பதிவு, படம் எல்லாவற்றையும் டைமர் இல்லாத என் சொந்த இலக்கச் சாட்டுக்கு ஃபோர்வர்ட் செய்தேன். அங்கே அவை மறையவில்லை. ஆனால் ஃபோர்வர்ட் செய்ததில் அனுப்பியவர் பெயரும் பழைய திகதியும் வராது. பின்னாளில் கணக்குப் பார்க்க இரண்டும் வேணும். அதனால் முதலில் பெயரும் திகதியும் தெரிய ஸ்கிரீன்ஷொட், பிறகு ஃபோர்வர்ட். விலை பேசி முடிந்த அன்றைக்கே, காசு கட்டிய அன்றைக்கே இதைச் செய்கிறேன்.