சிலிக்கான் பத்து மடங்கு என்றால் பேட்டரியும் பத்து மடங்கா? லித்தியம் பேட்டரியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாம்பன், மண்டபம், தொண்டி பக்கம் நாட்டுப்படகுகளில் லைட், ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், வயர்லெஸ் எல்லாம் 12 வோல்ட் பேட்டரியில்தான் ஓடுகின்றன. ஈய பேட்டரியை மாற்றி லித்தியம் வைக்கலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் வீடியோ பார்க்கிறார்கள். அங்கே தவறாமல் வரும் ஒரு வசனம் உண்டு: “சிலிக்கான் ஆனோடு வந்தாச்சு, கிராஃபைட்டை விட பத்து மடங்கு கொள்ளளவு.” உடனே, இன்னும் கொஞ்ச நாள் பொறுத்தால் பத்து மடங்கு பேட்டரி கிடைக்கும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இந்தத் துறையில் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான்.

வசனத்தில் சொன்ன எண் பொய்யில்லை. மைனஸ் பக்கம், அதாவது ஆனோடில், இருக்கும் கிராஃபைட் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 350 மில்லி ஆம்பியர் மணி தாங்கும் (ஏட்டுக் கணக்கில் 372). சிலிக்கான் 3500க்குப் பக்கத்தில் தாங்கும். ஆனால் பேட்டரி என்பது மைனஸ் பக்கம் மட்டும் இல்லையே. அங்கே போய்ச் சேரும் ஒவ்வொரு லித்தியமும் பிளஸ் பக்கத்திலிருந்து, அதாவது கேத்தோடிலிருந்து, கிளம்பி வந்ததுதான். கடையில் வாங்கும் செல்லில் லித்தியத்துக்கு வேறு இருப்பு கிடையாது.

ஒரு 100 ஏஎச், அதாவது 100 ஆம்பியர் மணி, செல்லை எடுத்துக்கொள்வோம். கேத்தோடு நல்ல ரக என்எம்சி (நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் ஆக்சைடு), கிராமுக்கு 190 மில்லி ஆம்பியர் மணி தருகிறது என்று வையுங்கள். 100 ஏஎச் வேண்டுமென்றால் அந்தப் பொடி 526 கிராம் தேவை. எதிர்ப்பக்கம் கிராஃபைட் 286 கிராம். மொத்தம் 812 கிராம். இப்போது கிராஃபைட்டை எடுத்துவிட்டு முழுக்க சிலிக்கான் வைக்கிறோம். 286 கிராம் இருந்த இடத்தில் 29 கிராம் போதும். மொத்தம் 555 கிராம். பத்து மடங்கு நல்ல பொருளைப் போட்டும் எடை மூன்றில் ஒரு பங்குதான் குறைந்தது. ஏனென்றால் 526 கிராம் கேத்தோடு அசையாமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். கிராஃபைட்டைத் தொடாமல், கேத்தோடை மட்டும் 190லிருந்து 380 ஆக்க முடிந்தால்? கேத்தோடு 263, கிராஃபைட் 286, மொத்தம் 549 கிராம். ஆனோடைப் பத்து மடங்கு நல்லதாக்கியதும் கேத்தோடை வெறும் இரண்டு மடங்கு நல்லதாக்கியதும் கிட்டத்தட்ட ஒரே பலன். ஆற்றல் அடர்த்தியைக் கேத்தோடு பிடித்து நிறுத்துகிறது என்று சொல்வதன் பொருள் இவ்வளவுதான். சிலிக்கானுக்கு வேறு தொல்லைகளும் உண்டு. லித்தியம் நிறைந்ததும் அது ஏறத்தாழ நான்கு மடங்கு பருமனாகிறது, திரும்பச் சுருங்குகிறது, அதிலேயே நொறுங்குகிறது. அதனால்தான் ‘சிலிக்கான்’ என்று விற்கும் செல்களில் பெரும்பாலும் கிராஃபைட்டோடு கொஞ்சம் சிலிக்கான் கலந்திருப்பார்கள்.

சரி, கேத்தோடை இரண்டு மடங்கு ஆக்கிவிட வேண்டியதுதானே? இங்கேதான் அடுத்த தவறு வருகிறது. லித்தியம் பேட்டரி என்றால் உள்ளே லித்தியம் கட்டியாக இருக்கிறது, அதுதான் கரைந்து மின்சாரம் தருகிறது என்று நினைப்பது. அப்படி இல்லை. லித்தியம் அயனி கேத்தோடில் ஒரு படிகத்துக்குள் இருக்கும் காலி இடத்தில் நுழைந்து உட்கார்கிறது. சார்ஜ் செய்யும்போது அங்கிருந்து வெளியேறி எதிர்ப்பக்கப் படிகத்துக்குள் போகிறது. படிகத்தின் சட்டம் கலையாமல் நிற்க, இடையில் லித்தியம் மட்டும் வந்து போவதைத்தான் இன்டர்கலேஷன், இடைச்செருகல் என்கிறார்கள். அயனி நுழையும்போது கூடவே ஒரு எலக்ட்ரானும் வெளிச்சுற்று வழியாக வந்து சேர வேண்டும். அதை வாங்கி வைத்துக்கொள்ள இரும்பு, கோபால்ட், நிக்கல் போன்ற ஓர் உலோக அணு அந்தச் சட்டத்தில் இருக்க வேண்டும். பொதுவாக ஓர் உலோக அணுவுக்கு ஓர் எலக்ட்ரான், ஒரு லித்தியம். அதற்கு மேல் வாங்கச் சொன்னால் சட்டம் தாங்குவதில்லை.

எல்எஃப்பி எனப்படும் LiFePO4ஐப் பாருங்கள். 7 கிராம் லித்தியத்தை வைத்துக்கொள்ள 151 கிராம் இரும்பு பாஸ்பேட் சட்டம் வேண்டியிருக்கிறது. மீனை விட ஐஸும் பெட்டியும் கனமாக இருக்கும் சரக்கு மாதிரிதான். 7 கிராம் லித்தியம் 26.8 ஏஎச் சுமக்கும். அதை 158 கிராமால் வகுத்தால் கிராமுக்கு 170 மில்லி ஆம்பியர் மணி. ஏட்டில் இருக்கும் எல்எஃப்பி எண் அதுதான். ஒரு 100 ஏஎச் செல்லில் உண்மையில் அங்கும் இங்கும் போய்வரும் லித்தியம் 26 கிராம்தான். கையில் எடுத்தால் செல் 2 கிலோ இருக்கும்.

அந்த 2 கிலோ எங்கிருந்து வந்தது? நடைமுறையில் கிராமுக்கு 160 என்று கொண்டால் எல்எஃப்பி பொடி 625 கிராம், கிராஃபைட் 286 கிராம், சேர்த்து 911. மீதி ஒரு கிலோவுக்கு மேல் செம்புத் தகடு, அலுமினியத் தகடு, எலக்ட்ரோலைட், பிரிப்பான், வெளிக்கூடு. இப்படி ஒரு செல்லில் கிராஃபைட்டை எடுத்துச் சிலிக்கான் போட்டால் மிச்சமாவது 257 கிராம், அதாவது எடையில் எட்டில் ஒரு பங்கு. அதிலும் சிலிக்கானால் செல்லின் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கும். கிடைத்த லாபத்தில் ஒரு பகுதி அங்கே போய்விடும்.

மூன்றாவது தவறு, கிராமுக்கு இத்தனை என்று எழுதிய எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வது. போன்களில் வரும் LiCoO2க்கு ஏட்டு எண் 274. எல்எஃப்பியின் 170 அதன் பக்கத்தில் பரிதாபமாகத் தெரியும். ஆனால் LiCoO2வில் பாதி லித்தியத்தை எடுத்ததும் சிக்கல் ஆரம்பிக்கிறது. அது அடுக்கடுக்கான படிகம். இடையில் இருக்கும் லித்தியம் போகப் போக அடுக்குகள் நிலைகுலைகின்றன. அதற்கு மேல் இழுத்தால் கோபால்ட்டோடு சேர்ந்து ஆக்சிஜனும் எலக்ட்ரானை இழக்கத் தொடங்குகிறது. வெளியே வரும் ஆக்சிஜன் பக்கத்திலேயே எரியக்கூடிய எலக்ட்ரோலைட்டைச் சந்திக்கிறது. அதனால்தான் 4.2 வோல்ட்டில் சார்ஜை நிறுத்துவது வழக்கமானது. அந்த அளவில் கிடைப்பது 140, 150தான். மேல்பூச்சு போட்டு, வேறு தனிமம் சேர்த்து இன்னும் கொஞ்சம் மேலே போகிறார்கள். எல்எஃப்பியில் ஆக்சிஜனைப் பாஸ்பரஸ் கெட்டியாகப் பிடித்திருப்பதால் லித்தியத்தை ஏறக்குறைய முழுவதும் எடுக்கலாம். 170ல் 160 கைக்கு வருகிறது. கொடுக்கும் விலை வேறு: அந்தப் பாஸ்பேட் எடைதான் சேர்க்கிறது, மின்னூட்டம் சுமப்பதில்லை.

இந்த எண்கள் எங்கே அளக்கப்படுகின்றன என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. காரைக்குடியில் 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது (அந்தக் காலத்தில் காரைக்குடியும் இராமநாதபுரம் மாவட்டம்தான்). அதுபோன்ற ஆய்வகங்களில் புதுப் பொருளை முதலில் ஒரு பொத்தான் அளவு செல்லில் வைத்து, எதிரே லித்தியம் உலோகத் தகட்டை வைத்து அளப்பார்கள். எதிர்ப்பக்கம் லித்தியம் தாராளமாக இருக்கும், அதன் எடை கணக்கில் வராது. அந்தப் பொருள் மட்டும் எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்க அது சரியான முறை. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு முழு பேட்டரிக்கு விளம்பரம் எழுதுவதுதான் கோளாறு.

நான்காவது, ஏஎச் எண்ணை மட்டும் ஒப்பிடுவது. இது நேரடியாகப் பணத்தில் அடிக்கும். கேத்தோடு மாறினால் வோல்டேஜும் மாறும்: எல்எஃப்பி செல் 3.2 வோல்ட், என்எம்சி செல் 3.6, 3.7. ‘12 வோல்ட் 100 ஏஎச்’ என்று ஸ்டிக்கர் ஒட்டிய இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. ஒன்றில் நான்கு எல்எஃப்பி செல், 12.8 வோல்ட், 1280 வாட்-அவர். இன்னொன்றில் மூன்று என்எம்சி செல், 11.1 வோல்ட், 1110 வாட்-அவர். லைட்டும் கருவிகளும் சேர்ந்து 90 வாட் இழுத்தால் முதல் பெட்டி 14 மணி நேரம் ஓடும். இரண்டாவது 12 மணி நேரத்தை ஒட்டி நின்றுவிடும். அதுவும் முழுதாகக் கிடைக்காது. மூன்று செல் பெட்டி காலியாகும்போது 9 வோல்ட் வரை இறங்கும். 12 வோல்ட் கருவிகள் பல அதற்கு முன்பே அணைந்துவிடும்.

என்எம்சிதான் எடைக்கு அதிக ஆற்றல் தரும், உண்மை. ஆனால் இந்த அளவு பெட்டியில் செல் எடை வித்தியாசம் மூன்று கிலோ அளவில்தான் வரும். ஐஸும் வலையும் ஏற்றும் வல்லத்துக்கு மூன்று கிலோ ஒரு பொருட்டா? கார் செய்பவருக்கு அது பெரிய விஷயம், படகுக்கு இல்லை. பழைய 100 ஏஎச் ஈய பேட்டரியே 25 கிலோவுக்கு மேல் இருந்ததே. வெயிலில் கொதிக்கும் பலகைக்கு அடியில் வைக்கிற பெட்டிக்கு, ஆக்சிஜனை விடாத கேத்தோடுதான் என் தேர்வு.

எல்எஃப்பி வாங்கியவர்கள் செய்யும் தவறு ஒன்று பாக்கி இருக்கிறது. மண்டபத்தில் ஒருவர் சொன்னது: “அண்ணே, ராத்திரி பூரா மீட்டரு 13.1தான் காட்டுச்சு. விடியக்கால திடீர்னு எல்லாம் அணைஞ்சு போச்சு. பேட்டரி போலி.” பேட்டரி போலி இல்லை. ஈய பேட்டரியில் நிறைந்தால் 12.7, பாதியானால் 12.2 என்று வோல்டேஜ் படிப்படியாக இறங்கும். அதைப் பார்த்து மீதியைக் கணக்கிட்டுப் பழகிவிட்டோம். எல்எஃப்பி வேறு மாதிரி வேலை செய்கிறது. லித்தியம் உள்ளே வரும்போது பொடி முழுவதும் சீராக நிறைவதில்லை. லித்தியம் நிறைந்த LiFePO4 ஒரு பகுதி, லித்தியம் இல்லாத FePO4 ஒரு பகுதி என இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. ஒன்று வளர, மற்றது தேய்கிறது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்வரை வோல்டேஜ் ஏறக்குறைய மாறாது. பாதியிலும் 13.1, கால்வாசியிலும் ஏறத்தாழ அதேதான். ஒரு பகுதி தீர்ந்ததும் சட்டென்று விழும்.

அதனால் எல்எஃப்பியில் வோல்ட்மீட்டரைப் பார்த்து மீதியைக் கணிக்காதீர்கள். மைனஸ் வயரில் ஓடும் மின்னோட்டத்தை அளக்கும் ஷண்ட் வைத்து, போன ஏஎச், வந்த ஏஎச் இரண்டையும் எண்ணும் மீட்டர் கிடைக்கிறது. அதை வையுங்கள். அவ்வப்போது பேட்டரியை முழுக்க சார்ஜ் செய்து மீட்டரை 100க்குத் திருப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்து அதுவும் ஏமாற்றும். உப்புக் காற்றில் ஷண்ட்டின் போல்ட் பச்சை பூத்தால் அளவும் தப்பும். கரைக்கு வந்ததும் அதைத் துடைத்துக் கொஞ்சம் கிரீஸ் தடவி வைக்கலாம்.