பயோ என்சைமைக் கடப்பாக்கல்லில் ஊற்றாதீர்கள்

சாத்துக்குடித் தோல், வெல்லம், தண்ணீர் மூன்றையும் கேனில் போட்டு மூன்று மாதம் விட்டால் கிடைக்கிற பழுப்புத் திரவம்தான் பயோ என்சைம், கிட்டத்தட்ட வீட்டிலேயே செய்த ஒரு வினிகர். வெல்லத்தின் சர்க்கரையை ஈஸ்ட் முதலில் ஆல்கஹாலாக மாற்றுகிறது, பாக்டீரியாக்கள் அதை அசிட்டிக் அமிலமாக்குகின்றன, கூடவே லாக்டிக் அமிலமும் உண்டாகிறது, தோலில் இருக்கிற சிட்ரிக் அமிலமும் இறங்குகிறது. நன்றாக வந்த திரவத்தின் பி.எச். 3லிருந்து 4க்குள் இருக்கும். என்சைம்கள் கொஞ்சம் இருக்கலாம், ஆனால் அந்தப் புளிப்பில், அதுவும் பக்கெட் தண்ணீரில் கலந்த பிறகு, அவற்றால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. சுத்தம் செய்வது முக்கியமாக அமிலம்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் நடக்கிற தவறுகளில் பாதி தானாகவே புரிந்துவிடும்.

முதலில் கல் விஷயம். கடலூர், புதுச்சேரிப் பக்கம் பழைய வீடுகளில் அடுப்பங்கரை மேடை, அலமாரித் தட்டு எல்லாம் கடப்பாக்கல், தரை மொசைக் அல்லது சிவப்பு சிமென்ட். கடப்பாக்கல் ஒரு சுண்ணாம்புக்கல். மொசைக்கில் இருப்பது பளிங்குச் சில்லும் சிமென்ட்டும். இவை எல்லாவற்றையும் அமிலம் அரிக்கும். மஞ்சக்குப்பத்தில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், மேடையில் எண்ணெய்ப் பிசுக்கு போகட்டும் என்று தண்ணீர் கலக்காமல் ஊற்றி, ராத்திரி முழுக்க அப்படியே விட்டிருக்கிறார்கள். காலையில் பிசுக்கு அப்படியே இருந்தது, திரவம் தேங்கி நின்ற இடத்தில் மட்டும் கறுப்புக் கல் சாம்பல் பூத்த மாதிரி வெளுத்துப்போய், விரலால் தடவினால் சொரசொரவென்று இருந்தது. அதைக் கறை என்று நினைத்து அந்த அம்மா இன்னும் கொஞ்சம் ஊற்றித் தேய்த்திருக்கிறார். அது கறை இல்லை, கல்லின் மேற்பரப்பே கரைந்திருக்கிறது, மறுபடி பாலிஷ் போட்டால்தான் உண்டு. உங்கள் வீட்டுக் கல் எது என்று தெரியவில்லையா, சிலிண்டர் வைக்கிற மூலை மாதிரி கண்ணுக்குப் படாத இடத்தில் ஒரு சொட்டு விட்டு, கால் மணி நேரம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். பளபளப்பு மங்கியிருந்தால் அந்த வீட்டில் இது பாத்ரூமோடு நிற்கட்டும். செராமிக் டைல்ஸ், வெட்ரிஃபைட் டைல்ஸ் என்றால் பயமில்லை, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 மில்லி கலந்து தாராளமாகத் துடைக்கலாம். தண்ணீர் கலக்காமல் தினமும் ஊற்றினால் டைல்ஸ் இடுக்கில் இருக்கிற சிமென்ட் மெல்ல மெல்லப் போகும், அவ்வளவுதான்.

அடுத்தது அளவு. 1 பங்கு வெல்லம், 3 பங்கு தோல், 10 பங்கு தண்ணீர் என்பது எல்லோருக்கும் மனப்பாடம், ஆனால் அது எடைக் கணக்கு என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள். டம்ளரால் அளந்தால் தோல் காற்றோடு உட்கார்ந்து டம்ளரை நிரப்பிவிடும், தட்டிப் பொடித்த வெல்லமோ நெருங்கி அமர்ந்துகொள்ளும், கணக்கே மாறிப்போகும். 5 லிட்டர் கேனுக்கு 300 கிராம் வெல்லம், 900 கிராம் தோல், 3 லிட்டர் தண்ணீர் சரியாக இருக்கும். எல்லாம் சேர்ந்து நாலு லிட்டரைக் கொஞ்சம் தாண்டும், மிச்ச இடம் காற்றுக்கு. ஒரு கிலோ தோலுக்கு வீட்டில் எத்தனை நாள் சேர்ப்பது என்று மலைக்க வேண்டாம், ஜூஸ் கடையில் மதியத்துக்குள் பை நிறையக் கிடைக்கும், கேட்டால் சும்மாவே தருவார்கள். பிழிந்த அன்றைக்கே வாங்கிவிடுங்கள், பூஞ்சை பிடித்த தோல் வேண்டாம், உப்பில் ஊறின ஊறுகாய் எலுமிச்சையும் வேண்டாம். வெல்லத்துக்குப் பளிச்சென்ற மஞ்சள் நிறம் தேவையில்லை, கறுத்த மண்டை வெல்லமே போதும், விலையும் குறைவு. வெல்லத்தைக் குறைத்தால் புளிப்பு ஏறுவதற்குள் தோல் அழுகிவிடும். கூட்டிப்போட்டால் சர்க்கரை மிச்சமாகித் தரை ஒட்டும், எறும்பு வரும்.

கேன் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும், கண்ணாடி பாட்டில் கூடவே கூடாது. முதல் மாதம் நிறையக் கரியமில வாயு வரும், அதுவும் நம் ஊர் சித்திரை வெயிலில் அது பொங்குகிற வேகமே தனி. தினமும் ஒரு தடவை மூடியைத் திருகி 'புஸ்'ஸென்று விட்டுவிட்டு, மிதக்கிற தோலைக் கரண்டிக் காம்பால் உள்ளே அமுக்கி, திரும்ப மூடுங்கள். ஊருக்குப் போவதாக இருந்தால் மூடியைத் தளர்த்தி வைத்துவிட்டுப் போங்கள். (அந்த வாயு ஓசோன் என்றும் அது வானத்து ஓட்டையை அடைக்கும் என்றும் ஒரு கதை சுற்றுகிறது, நம்பாதீர்கள்.) மேலே வெள்ளையாக மெல்லிய ஆடை படர்ந்தால் அது ஈஸ்ட் வகை, பயப்பட ஒன்றுமில்லை. பச்சையாக, கறுப்பாக, பஞ்சு மாதிரி முளைத்தால்தான் பூஞ்சை. வாசனையும் சொல்லிவிடும்: புளித்த பழ வாசனை சரி, சாக்கடை நாற்றம் என்றால் கொட்டிவிடுங்கள். மூன்று மாதம் கழித்து மெல்லிய வேட்டித் துணியில் இரண்டு தடவை வடிகட்டுங்கள், மண்டி தங்கினால் அதுவும் தரையில் பிசுபிசுக்கும்.

சரி, இது எதற்கு நல்லது? போர் தண்ணீர் உப்பு வெள்ளையாகப் படிந்த குழாய், பக்கெட், கழிவறைக் கோப்பையின் மஞ்சள் கறை. இதற்கெல்லாம் தண்ணீர் கலக்காமலே ஊற்றலாம். கடைப் பாத்ரூம் ஆசிட் மாதிரி உடனே பொங்காது, ஒரு மணி நேரமாவது ஊற விட்டுத் தேய்க்க வேண்டும், கெட்டியாகப் படிந்த உப்புக்கு இரண்டு மூன்று தடவை ஆகும்.

எண்ணெய்ப் பிசுக்குக்கு இது மட்டும் பத்தாது. தோலின் எண்ணெய் கொஞ்சம் கரைக்கும், ஆனால் சோப்பு செய்கிற மாதிரி எண்ணெயைப் பிடித்துத் தண்ணீரோடு கொண்டுபோக இதில் ஒன்றுமில்லை. பூந்திக்கொட்டையைக் கொதிக்க வைத்து இறுத்த சாற்றோடு கலந்தால் நுரையும் வரும், பாத்திரத்துப் பிசுக்கும் விடும். துணி சோப்பைச் சீவிப் போட்டுக் கலக்காதீர்கள். அமிலம் பட்டதும் சோப்பு திரிந்து, திரிதிரியாக மிதக்கும், இரண்டுமே வீண். முடி அடைத்த பாத்ரூம் குழாயும் இதற்கு அசையாது, கம்பி விட்டு எடுப்பதுதான் வழி. குளத்தில் ஊற்றினால் தண்ணீர் சுத்தமாகும் என்பதும் வேண்டாத வேலை, மிச்சச் சர்க்கரையையும் ஆல்கஹாலையும் தின்ன வரும் கிருமிகள் மீனுக்கு வேண்டிய ஆக்சிஜனைத்தான் காலி செய்யும்.

கிருமிநாசினியாக இதை நம்பவே கூடாது. வீட்டில் யாருக்காவது வாந்திபேதி என்றாலோ, 2024 ஃபெங்கல் புயலில் வந்த மாதிரி வீட்டுக்குள் வெள்ளம் வந்து வடிந்தாலோ, தரைக்கு வேண்டியது பிளீச்சிங் பவுடர். அந்த நேரத்தில் 'இரண்டையும் சேர்த்தே போடுவோம்' என்று மட்டும் இறங்காதீர்கள். பிளீச்சிங் பவுடரில் அமிலம் பட்டால் குளோரின் வாயு கிளம்பும், சின்ன பாத்ரூமில் கண் எரிந்து மூச்சு முட்டும். அப்படித் தப்பித்தவறி ஆகிவிட்டால் தேய்த்துக்கொண்டு நிற்காமல் உடனே வெளியே வந்து, கதவைத் திறந்து போட்டு, காற்று வாங்கின பிறகே உள்ளே போங்கள், இருமல் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்கு. பிளீச்சிங் போட்ட தரையை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, அன்றைக்கு அதோடு விட்டுவிட்டு, என்சைமை இன்னொரு நாளைக்கு எடுங்கள். கழிவறைக் கோப்பைக்கும் இதே விதிதான், மூலையில் பிளீச்சிங் டப்பாவும் என்சைம் பாட்டிலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற வீடுகளில் பாட்டில் மேல் பெரிய எழுத்தில் பேர் எழுதி ஒட்டி வையுங்கள்.