‘பன்னாட’ என்று யார் யாரைக் கூப்பிடலாம்?

திருப்பூரில் நான் வேலை பார்த்த ஒரு பனியன் கம்பெனியில் பதினோரு மணிக்கு டீ வரும். கட்டிங் டேபிளில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தர் பல்லடம் பக்கம், இன்னொருத்தர் காங்கேயம் பக்கம், பத்து வருஷப் பழக்கம். டீ வந்ததும் பல்லடத்துக்காரர் குரல் கொடுப்பார்: “ஏன்றா பன்னாட, ஆறிப் போறதுக்குள்ள வாடா!” காங்கேயத்துக்காரர் துணியில் இருந்து கண்ணை எடுக்காமலே, “இருடா எரும, வர்றேன்” என்பார். இது தினமும் நடக்கும். யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம்.

செக்கிங்கில் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் புதிதாகச் சேர்ந்தான். நல்ல பையன், சட்டென்று ஒட்டிக்கொள்கிற சுபாவம். மூன்றாவது வாரம் டீ டம்ளரைக் காங்கேயத்துக்காரரிடம் நீட்டி, எங்கள் ராகத்திலேயே, “ஏன்றா பன்னாட, புடிடா” என்றான்.

டேபிளில் பேச்சு நின்றுபோனது. அவர் டம்ளரை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, “செரிங்க தம்பி. வேற ஏதாச்சும் வேணுங்களா?” என்று கேட்டார். பையன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். மரியாதையாகத்தானே பேசினார், ஒன்றும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்று நினைத்திருக்கிறான். எங்களுக்குத்தான் தெரியும், அவர் எவ்வளவு கோபமாக இருக்கிறார் என்று.

வெளியூரில் இருந்து வருகிறவர்கள் முதலில் தடுக்கி விழுகிற இடம் இந்த ‘ங்க’தான். கோயமுத்தூர், ஈரோடு பக்கத்து ஆட்கள் மரியாதையாகப் பேசுவார்கள் என்று கேள்விப்பட்டு வருவார்கள். அது உண்மைதான். ஆனால் அந்த ‘ங்க’ என்ன வேலை செய்கிறது என்பதைக் கவனிப்பதில்லை. இங்கே ‘ங்க’ என்பது பேச்சின் தரைமட்டம். பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் கல்லூரிப் பையனுக்கும் ‘ங்க’தான், காய்கறிக்காரருக்கும் ‘ங்க’தான். பெற்ற பிள்ளையைக்கூட “வாங்க சாமி, சாப்புடுங்க கண்ணு” என்று கூப்பிடுகிற வீடுகள் இருக்கின்றன. ஆகவே ஒருத்தர் உங்களிடம் ‘ங்க’ போட்டால் அதை வைத்து அவர் மனசைக் கண்டுபிடிக்க முடியாது. நேற்று வரை என்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்பதோடு சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். காங்கேயத்துக்காரர் அந்தப் பையனை அதுவரை “ஏப்பா, வாப்பா” என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு ‘ப்பா’ போய் ‘ங்க’ வந்தது. வாடா போடா என்றே பேசிக்கொள்ளும் இரண்டு சிநேகிதர்களில் ஒருவன் திடீரென்று “சொல்லுங்க” என்றால், மற்றவன் உடனே “என்றா ஆச்சு?” என்று பதறுவான். எங்கள் ஊரில் கோபம் பல நேரம் மரியாதையாகத்தான் வெளியே வரும்.

இனி அந்தச் சொல்லுக்கு வருவோம். பன்னாடை என்றால் தென்னை, பனை மட்டையின் அடியில் வலை மாதிரி இருக்குமே, அது. அந்தக் காலத்தில் அதை வடிகட்டியாக வைத்திருந்தார்கள். நெய்யை ஊற்றினால் நெய் கீழே போய்விடும், கசடு மட்டும் அதில் தங்கும். 13-ஆம் நூற்றாண்டு நன்னூலில் மாணாக்கர்களை மூன்று தரமாகப் பிரிக்கிற சூத்திரம் ஒன்று உண்டு. தலை மாணாக்கனுக்கு அன்னமும் பசுவும் உவமை. கடை மாணாக்கனுக்கு ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி. அந்த நெய்யரிக்கு உரைகாரர்கள் சொல்லும் பொருள் பன்னாடை. கட்டிங் டேபிளில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொண்ட பன்னாடையும் எருமையும் ஒரே சூத்திரத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. (நன்னூல் எழுதிய பவணந்தி பெருந்துறைக்குப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்று எங்கள் பக்கம் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். அப்படியானால் இந்த வசவும் எங்கள் சொத்துத்தான்.)

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்தச் சொல்லில் இருக்கும் வசவு எங்கேயும் போய்விடவில்லை. “ஃப்ரெண்ட்ஸுக்குள்ள அதுக்கு அர்த்தமே கெடையாது” என்பார்கள். அர்த்தம் இருக்கிறது. ‘உதவாக்கரை’ என்றுதான் பல்லடத்துக்காரர் சொல்கிறார். ஆனால் போன தீபாவளிக்கு போனஸ் வராதபோது கைமாற்றுக் கொடுத்தவரும் அவர்தான், அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தவரும் அவர்தான். அதனால் கேட்கிறவர் அந்தச் சொல்லை உள்ளபடி எடுத்துக்கொள்வதில்லை. அதே சொல்லை மூன்று வாரப் பழக்கம் உள்ளவன் சொன்னால், அதைத் தள்ளுபடி செய்வதற்கு அவர் கையில் எதுவுமே இல்லை. வெறும் வசவு மட்டும்தான் மிஞ்சும். பையன் பிற்பாடு என்னிடம், “எல்லாரும் அவர அப்படித்தானேண்ணே கூப்புடுறாங்க” என்றான். எல்லாரும் கூப்பிடவில்லை. ஒருத்தர்தான் கூப்பிட்டார். நாங்கள் ஏழு பேர் தினமும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம், ஒருத்தரும் வாயில் எடுத்ததில்லை. அவன் கவனித்திருக்க வேண்டியது அதைத்தான்.

‘வாங்க’வில் இருந்து ‘வாடா’வுக்குப் போக நடுவில் ஒரு படி உண்டு, ‘வாப்பா’. பெரும்பாலான பழக்கம் அங்கேயே வருஷக்கணக்கில் சுகமாக இருந்துவிடும். அதைத் தாண்டுவதானால் வயசில் மூத்தவர்தான் முதலில் தாண்டுவார். அவர் உங்களை ‘டா’ போட்டால், அது உங்களுக்கும் சேர்த்துக் கிடைத்த அனுமதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சமவயசுக்காரர்கள் என்றால், ஒருநாள் அவனே, “என்னத்துக்கு இந்த ‘ங்க’ போட்டுட்டு? சும்மா வாடா போடான்னே பேசு” என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவான். மூத்தவர் என்றால் அதுகூட நடக்காது. என்னைவிட ஒரே வயசு மூத்த நண்பர் ஒருத்தர் இருக்கிறார், இருபது வருஷமாகிறது. அவர் என்னை “ஏன்றா” என்கிறார், நான் இன்னமும் “சொல்லுங்ணா” என்கிறேன். எங்களுக்குள் மறைப்பது என்று எதுவும் கிடையாது, ஆனாலும் அந்த ‘ங்ணா’ அப்படியே இருக்கிறது.

வசவுச் சொற்களில்தான் ஆபத்து என்று நினைத்துவிட்டு, ‘மாப்ள’, ‘பங்காளி’ இரண்டையும் தாராளமாக இறைப்பவர்கள் உண்டு. அவை உறவுமுறைச் சொற்கள். பங்காளி என்றால் சொத்தில் பங்குள்ளவன், பெண் கொடுத்து எடுக்க முடியாத வழி. கொங்கு வேளாளர்களில் ஒரே கூட்டத்தை, அதாவது ஒரே குலத்தைச் சேர்ந்தவர்கள் பங்காளிகள், கட்டிக்கொடுக்கிற கூட்டத்துக்காரர்கள் மாமன் மச்சான். நண்பர்கள் சாதி பார்க்காமல் இதை விளையாட்டாகச் சொல்லிக்கொள்கிறார்கள், சரி. ஆனால் சந்தையில் முன்பின் தெரியாத பெரியவரிடம் “என்ன பங்காளி” என்றால், “தம்பி யார் ஊட்டுப் பையனுங்க? எந்த ஊரு?” என்று விசாரணை தொடங்கிவிடும். ‘மாப்ள’ இன்னும் சிக்கல். நீங்கள் ஒருவனை மச்சான், மாப்ள என்றால், அவன் தங்கையை நீங்களோ, உங்கள் தங்கையை அவனோ கட்டிக்கொள்கிற முறை என்று ஆகிறது. டீக்கடையில் அதை யாரும் யோசிப்பதில்லை. அவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, உள்ளே கல்யாணத்துக்கு நிற்கிற தங்கை இருக்க, அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருக்க, “என்ன மாப்ள” என்று கத்தினால் பேப்பர் கொஞ்சம் கீழே இறங்கும். பழகிய பையன்கள் வாசல்படியிலேயே பேரைச் சொல்லிக் கூப்பிடுவதற்கு மாறிவிடுவார்கள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

இந்த விஷயத்தில் நானும் ஒருமுறை சொதப்பியிருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் இருந்து கூடவே சுற்றிய நண்பனுக்கு கோபி பக்கம் நிச்சயம். மண்டபத்தில் அவன் பட்டு வேட்டியில் பெண்வீட்டுப் பெரியவர்களோடு நின்றுகொண்டிருந்தான். தூரத்தில் இருந்து நான், “டேய் பன்னாட, இங்க வாடா” என்றேன். எங்களுக்குள் உரிமை முழுசாக இருந்தது. ஆனால் அன்று அதைக் கேட்டது அவன் மட்டும் இல்லையே. பெண்ணின் தாய்மாமா என்னைப் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார். அன்று காலைதான் ‘மாப்பிள்ளைங்க’ என்று கூப்பிட ஆரம்பித்திருந்த மனுஷனை, இப்படியும் கூப்பிடலாம் போலிருக்கிறதே என்று நினைத்திருப்பார். நண்பன் ஒன்றும் சொல்லவில்லை. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தபோது மட்டும், “ஏன்றா, இன்னிக்கு ஒருநாள் பேரச் சொல்லிக் கூப்புட்டாத்தான் என்ன?” என்றான். போனில் ஸ்பீக்கர் போட்டிருக்கிறானா, காரில் யார் கூட இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் பேசுகிற பழக்கம் எனக்கு அதற்குப் பிறகு வந்ததுதான்.

‘டி’யைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. தோழிகளுக்குள் “வாடி” சாதாரணம். அதே கூட்டத்தில் இருக்கும் பையன் சொன்னால், அவர்களுக்குள் ஏதோ இருக்கிறது என்றோ, இவன் அடக்கிப் பார்க்கிறான் என்றோதான் கேட்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அவளே அனுமதித்திருந்தாலும் நாலு பேர் நடுவில் வேண்டாம்.

ஒன்றை மட்டும் மழுப்பாமல் சொல்ல வேண்டும். இந்த ஊரில் ‘டா’ எப்போதும் பிரியத்தில் மட்டும் வந்த சொல் இல்லை. தோட்டத்தில் வேலை செய்த தாத்தா வயசுக்காரரைப் பண்ணைக்காரர் வீட்டுச் சின்னப் பையன் “டேய்” என்று கூப்பிட்ட காலம் உண்டு. சாதிதான் காரணம். அது முழுக்கப் போய்விட்டது என்றும் சொல்ல மாட்டேன். அப்படிக் கூப்பிடப்பட்ட குடும்பத்தில் இருந்து வந்தவருக்கு, புதிய ஆள் வாயில் இருந்து வரும் ‘டா’ எந்தத் தொனியில் வந்தாலும் அந்தப் பழைய ‘டேய்’ ஆகத்தான் கேட்கும். “சும்மா பாசத்துல சொன்னேன்” என்பது அங்கே செல்லாது. திருப்பிச் சொல்ல முடியாத ஆளிடம் சொல்லாமல் இருப்பதே நல்லது. பல்லடத்துக்காரர் ‘பன்னாட’ என்றால் காங்கேயத்துக்காரர் அந்த நிமிஷமே ‘எரும’ என்பார். சூப்பர்வைசர் ஹெல்பரைப் பன்னாடை என்றால் ஹெல்பர் என்ன சொல்ல முடியும்?

அந்தப் பையன் கதைக்கு வருகிறேன். ஒரு மாதம் வரை காங்கேயத்துக்காரர் ‘ங்க’வை விடவில்லை. “தம்பி, அந்தப் பீஸ எடுங்க.” “செரிங்க.” பையனுக்கு மெதுவாக உறைத்தது. என்னிடம் வந்து கேட்டான். பெரிதாக மன்னிப்பெல்லாம் கேட்கப் போகாதே, அவருக்குக் கூச்சமாகிவிடும் என்றேன். மறுநாள் டீயை வைக்கும்போது, “அண்ணா, அன்னிக்குத் தெரியாமச் சொல்லிட்டேங்ணா” என்றான். அவர், “அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க” என்றார். இன்னமும் ‘ங்க’.

பத்து நாள் போயிருக்கும். ஷிப்மெண்ட் அவசரம், ராத்திரி பதினோரு மணிவரை எல்லாரும் நின்றோம். பரோட்டா வாங்கி வந்து பிரித்தபோது பையன் இன்னும் ரேக் பக்கம் பீஸ் எண்ணிக்கொண்டிருந்தான். காங்கேயத்துக்காரர் திரும்பிப் பார்த்து, “ஏன்றா, சாப்புட வரலியா நீயி?” என்றார்.

“வந்துட்டேங்ணா” என்றான் அவன்.