சம்பள பேட்சை ரிலீஸ் செய்யும் முன்

டர்பன், சாட்ஸ்வொர்த்தில் ஒரு சின்ன மசாலா மில்லுக்கு நான்தான் கணக்கு எழுதுகிறேன். வேலைக்கு ஐந்து பேர். ஆளுக்கு மாதம் 6,000 ராண்ட். வேலையின்மைக் காப்பீட்டுக்கு 1 சதவீதம், அதாவது 60 ராண்ட் பிடித்தால் கைக்கு 5,940. ஐந்து பேருக்கும் சேர்த்து 29,700. மில்லின் கரண்ட் அக்கவுண்டிலிருந்து இதை ஒரே பேட்சாக அனுப்புகிறோம்.

நான் செய்த முதல் தவறு, போன மாத பேட்சை அப்படியே காப்பி எடுத்தது. ஒருவர் வேலையை விட்டுப் போயிருந்தார், அவர் பெயரை எடுக்கவில்லை. ஆறு பேருக்கு 35,640 ராண்ட் போய்விட்டது. வாங்கியவர் சம்மதிக்காமல் திருப்பி எடுக்க முடியாது என்று பேங்கில் சொல்லிவிட்டார்கள். அவர் நல்ல மனுஷர், இரண்டு தவணையில் கொடுத்தார். இப்போதெல்லாம் பேட்சைத் தொடும் முன்பே சம்பளப் பட்டியலைப் பார்த்து "5 பேர், 29,700" என்று தாளில் எழுதி வைக்கிறேன். திரையிலும் அதே இரண்டு எண்கள் வந்தால்தான் ரிலீஸ்.

ஆனால் தப்பான அக்கவுண்டுக்குப் பணம் போனாலும் மொத்தம் சரியாகத்தான் இருக்கும். சாதாரண மின்பரிமாற்றத்தில் பணம் போவது எண்ணைப் பார்த்துத்தான், பெயரைப் பார்த்து அல்ல. அப்படி ஒரு எண்ணே இல்லையென்றால் பணம் சில நாளில் திரும்பும். அந்த எண் வேறு யாருடையதாவது என்றால் அவருக்குப் போய்ச் சேரும். அதனால் புதிதாகச் சேருபவரிடம் பேங்க் கொடுத்த உறுதிக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். எண் மாறிவிட்டது என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால், ஆளை நேரில் கேட்காமல் மாற்றவே கூடாது.

எக்செல்லில் எழுதிப் பதிவேற்றுபவர்கள் பூஜ்யத்தைக் கவனியுங்கள். ஸ்டாண்டர்ட் பேங்கின் பொதுக் கிளைக் குறியீடு 051001. எக்செல் அதை எண்ணாக எடுத்துக்கொண்டு முன்னால் உள்ள பூஜ்யத்தைத் தின்றுவிடும், 51001 என்று நிற்கும். பேட்சில் அந்த ஆளின் பதிவு மட்டும் நிராகரிக்கப்பட்டு, நான்கு பேருக்குச் சம்பளம் வந்து ஒருவருக்கு வராமல் போகலாம். தட்டச்சு செய்வதற்கு முன்பே அந்த column-ஐ Text ஆக்கிவிடுங்கள். CSV ஆகச் சேமித்த பிறகு மறுபடி எக்செல்லில் திறந்து சேமித்தால் பூஜ்யம் திரும்பவும் போகும். சரிபார்க்க Notepad-இல் திறந்து பாருங்கள்.

நாள் கணக்கும் முக்கியம். ஒரு ஈஸ்டருக்கு வியாழன் மாலை, பேங்கின் கடைசி நேரம் தாண்டி அனுப்பினேன். எங்கள் பேங்கிலேயே அக்கவுண்ட் வைத்திருந்த இருவருக்கு அன்றே வந்துவிட்டது. மற்ற மூவருக்கும் பெரிய வெள்ளி, சனி, ஞாயிறு, குடும்ப தினத் திங்கள் எல்லாம் கழிந்து செவ்வாய்க்குப் பிறகுதான் கிடைத்தது. அதில் ஒரு அக்கா வியாழன் இரவே பிள்ளைகளோடு ஊருக்குக் கிளம்ப இருந்தவர். பஸ்ஸுக்குக் காசில்லாமல் தங்கிவிட்டார். அதிலிருந்து நீண்ட விடுமுறை வந்தால் மூன்று வேலை நாள் முன்னதாகவே ரிலீஸ் செய்துவிட்டு, மறுநாள் காலை மில்லில் ஒவ்வொருவரிடமும் பணம் வந்ததா என்று கேட்டு டிக் போடுகிறேன்.